காசநோய்த் திட்டம்: வினாத்தாளில் மூன்று கேள்விகள், ஊரில் ஒரே வேலை

தேசிய நலவாழ்வுத் திட்டங்கள் பற்றிய வினாத்தாள்களில் காசநோய்க்கு மூன்று கேள்விகள் ஏறக்குறைய நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. திட்டத்தின் இலக்குகள் யாவை என்பது ஒன்று. அவற்றை அடைவதற்கான உத்திகள் யாவை என்பது இன்னொன்று. ஆஷா பணியாளர் அல்லது கிராம சுகாதாரச் செவிலியரின் பங்கு என்ன என்பது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் வருவதால், மாணவர்கள் அவற்றை மூன்று தனித்தனிப் பட்டியல்களாக மனப்பாடம் செய்கிறார்கள். செவிலியர் மாணவியருக்கு இந்தப் பாடத்தை எடுக்கும் எனக்கு இந்தப் பிரிவினை உவப்பாக இருந்ததே இல்லை. இலக்கு எதை அளக்கிறது என்று புரியாதவருக்குப் பணியாளர் ஏன் அந்த வேலையைச் செய்கிறார் என்பதும் புரியாது. வேலையைப் புரிந்துகொள்ளாதவருக்கு இலக்கின் எண்ணிக்கை வெறும் எண்ணாகவே நிற்கும்.

முதலில் இலக்கை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, புதிதாகக் காசநோய் வருபவர்களின் வீதத்தை 80 விழுக்காடும், காசநோயால் நேரும் இறப்புகளை 90 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பதும், நோயின் காரணமாக எந்தக் குடும்பமும் பேரளவு பணச்சுமைக்கு ஆளாகக் கூடாது என்பதும் உலக அளவில் 2030க்கு வைக்கப்பட்ட இலக்குகள். இதே இலக்குகளை ஐந்தாண்டுகள் முன்னதாக, 2025க்குள் எட்டிவிடுவதாக இந்தியா அறிவித்தது. 2035க்கான உலக இலக்கு இன்னும் கடுமையானது. புதிய நோயாளிகளில் 90 விழுக்காடும் இறப்புகளில் 95 விழுக்காடும் குறைய வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளையும் குழப்புவதற்கென்றே தேர்வில் விடைகள் அமைக்கப்படுகின்றன. போதாக்குறைக்கு, பழைய திருத்தியமைக்கப்பட்ட காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இலக்குகளான 85 விழுக்காடு குணப்படுத்துதலும் 70 விழுக்காடு நோயாளிகளைக் கண்டறிதலும் இன்றும் பல வழிகாட்டி நூல்களில் நிகழ்கால வினைச்சொல்லுடன் அச்சாகி வருகின்றன. அந்தத் திட்டம் 2020இல் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் என்று பெயர் மாறியபோது, பெயரோடு அளவுகோலும் மாறிவிட்டது. முன்பு, சிகிச்சைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று கேட்டார்கள். இப்போது, ஊரில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று கேட்கிறார்கள்.

2017 முதல் 2025 வரைக்கான தேசிய உத்தித் திட்டம் இதை எண்ணாகவே எழுதி வைத்தது. 2015இல் ஒரு லட்சம் பேருக்கு 217 ஆக இருந்த புதிய நோயாளிகளின் வீதம் 2025இல் 44 ஆக வேண்டும். ஒரு லட்சத்துக்கு 32 ஆக இருந்த இறப்பு 3 ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பின்னர் வெளியிட்ட மதிப்பீட்டில் அதே 2015ஆம் ஆண்டுக்கான வீதம் 237 என்று திருத்தப்பட்டது. 2024க்கான வீதம் 187. அதாவது ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைவு. இது சிறிய செய்தி அல்ல, ஆனால் 80 விழுக்காட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. 217 சரியா 237 சரியா என்று மாணவர்கள் கேட்பார்கள். முதலாவது திட்ட ஆவணத்தில் உள்ள எண், இரண்டாவது பிற்காலத் திருத்தம். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். கடந்துபோன ஓராண்டின் எண் பின்னால் எப்படி மாற முடியும் என்று வியப்பவருக்கு, அந்த எண்ணை யாரும் தலையெண்ணிப் பெறவில்லை என்பதே விடை.

என் பார்வையில் இந்தப் பாடம் முழுவதும் இந்த இடத்தில்தான் மையம் கொள்கிறது. புதிதாக நோய் வருபவர்களின் வீதம் ஒரு மதிப்பீடு. மாதிரிக் கணக்கெடுப்புகளையும் பதிவுகளையும் வைத்துக் கணிதமுறையில் பெறப்படுவது. ஊரில் உண்மையில் எண்ணக்கூடியது வேறொன்று: கண்டறியப்பட்டு நி-க்‌ஷய் இணையப் பதிவேட்டில் பெயர் ஏறிய நோயாளிகளின் எண்ணிக்கை. இலக்கு முதலாவது எண்ணைக் குறைக்கச் சொல்கிறது. பணியாளர் நன்றாக வேலை செய்தால் கூடுவதோ இரண்டாவது எண். வீடுவீடாகச் சென்று இருமுகிறவர்களைத் தேடும் பணியாளரின் ஊரில் நோயாளிகள் அதிகம் தெரிவார்கள். வீட்டிலேயே இருக்கும் பணியாளரின் ஊர் பதிவேட்டில் சுத்தமாக இருக்கும். கண்டறிதலும் சிகிச்சையும் பல ஆண்டுகள் தொடர்ந்தால்தான் பரவல் குறைந்து பதிவு எண்ணிக்கையும் கீழிறங்கும். அதுவரை, எண்ணிக்கை கூடினால் நோய் கூடிவிட்டது என்று பதறுவதும், குறைந்தால் நோய் ஒழிந்தது என்று கொண்டாடுவதும் ஒரே அளவு தவறு.

இந்தச் சிக்கலை அறிந்தே அமைக்கப்பட்டதுதான் காசநோய் இல்லா ஊராட்சி என்ற சான்றிதழ் முறை. 2023 மார்ச் 24 அன்று, உலகக் காசநோய் நாளில், வாரணாசியில் தொடங்கிவைக்கப்பட்ட இந்த முறையில் ஆறு அளவுகோல்கள் உண்டு. அவற்றில் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஓராண்டில் குறைந்தது 30 பேருக்காவது, நோய் இருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ஆயிரம் பேருக்குப் பதிவான நோயாளிகள் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. தேடியிருக்க வேண்டும், தேடியும் குறைவாகவே கிடைத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். மற்ற நான்கும் சிகிச்சை வெற்றி, மருந்து எதிர்ப்புப் பரிசோதனை, ஊட்டச்சத்து உதவித்தொகை, ஊட்டச்சத்துப் பொருளுதவி ஆகியவற்றைப் பற்றியவை. தேர்வுக்கு அவையும் வேண்டும், ஆனால் சிந்தனைக்கு உரியவை முதல் இரண்டும்தான்.

வகுப்பில் நான் கற்பனையான மூன்று ஊராட்சிகளைக் கரும்பலகையில் எழுதுவேன். மூன்றிலும் மக்கள்தொகை 4,000. எனவே ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 120 பரிசோதனைகள், அதாவது மாதத்துக்குப் பத்து, நடந்திருக்க வேண்டும். பதிவான நோயாளிகள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் ஊராட்சியில் 150 பரிசோதனைகள், 7 நோயாளிகள். இரண்டாவதில் 12 பரிசோதனைகள், 3 நோயாளிகள். மூன்றாவதில் 140 பரிசோதனைகள், ஒரு நோயாளியும் இல்லை. எந்த ஊராட்சியில் நிலைமை மோசம் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலாவதைச் சொல்வார்கள். அந்த ஊராட்சிக்குச் சான்றிதழ் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் நாட்டின் சராசரி வீதப்படி 4,000 பேரில் ஆண்டுக்கு ஏழு அல்லது எட்டு பேருக்கு நோய் வரும் என்று எதிர்பார்க்கலாம். முதல் ஊராட்சி ஏறக்குறைய அத்தனை பேரையும் கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவதில் நான்கு பேரைப் பரிசோதித்தால் ஒருவருக்கு நோய் இருக்கிறது. மிகவும் முற்றிய பிறகு தாமாக மருத்துவமனைக்குப் போனவர்கள் மட்டுமே பரிசோதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. தேடினால் இன்னும் நாலைந்து பேர் கிடைப்பார்கள்; அவர்கள் இப்போதைக்கு இருமிக்கொண்டு பேருந்தில் போய்வருகிறார்கள்.

மூன்றாவது ஊராட்சி உண்மையிலேயே நோயற்றதாக இருக்கலாம். அல்லது, ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஒரு முகாம் வைத்து, எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடம் எச்சிலை வாங்கி அனுப்பியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறியப் பதிவேட்டைத் திறந்தால் போதும். 140 பரிசோதனைகளும் ஆண்டு முழுவதும் பரவியிருக்கின்றனவா, ஒரே வாரத்தில் குவிந்திருக்கின்றனவா? பரிசோதிக்கப்பட்டவர்களில் முதியோர், நீரிழிவு உள்ளோர், முன்பு காசநோய் வந்தவர்கள், நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் எத்தனை பேர்? ஆய்வகத்துக்கு வந்த மாதிரி ஆழ்ந்து இருமி எடுத்த சளியா, வெறும் உமிழ்நீரா?

சிறிய எண்ணிக்கைகளுக்கே உரிய ஏமாற்றும் இதில் உண்டு. ஓர் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக எட்டுப் பேருக்கு நோய் வருவதாகவும் ஒருவர் விடாமல் கண்டறியப்படுவதாகவும் வைத்துக்கொண்டாலும், நிகழ்தகவுக் கணக்கின்படி பத்து ஆண்டுகளில் ஓராண்டு நான்கோ அதற்குக் குறைவோதான் பதிவாகும். அந்த ஓராண்டில் எதுவும் மாறாமலே சான்றிதழுக்கான இரண்டாம் நிபந்தனை நிறைவேறிவிடும். முதலாண்டில் வெண்கலம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தகுதி பெற்றால் வெள்ளி, மூன்றாம் ஆண்டும் பெற்றால் தங்கம் என்ற நிறத்தில் காந்தி சிலை வழங்கும் ஏற்பாட்டை வெறும் அலங்காரம் என்று சிலர் சிரிக்கிறார்கள். தற்செயல் ஒரே ஊரில் மூன்றாண்டுகள் தொடர்ந்து வாய்ப்பது அரிது என்பதால், அந்தப் படிநிலையில் நல்ல கணக்கறிவு இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இனி, யாரைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற கேள்வி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் என்ற விடையை எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு இந்த விடையின் இரண்டு எல்லைகளைக் காட்டியது. அறிகுறி இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் அதற்காக எங்கும் சிகிச்சை நாடியிருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, உறுதி செய்யப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் தவறிப் போயிருப்பார்கள். முதல் எண் வீடு தேடிப் போவதற்கான நியாயம். இரண்டாவது எண், வீடு தேடிப் போய்க் கேள்வி கேட்பதும் போதாது என்பதற்கான சான்று. 2024 டிசம்பர் 7 அன்று 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில், கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவியைக் கொண்டு அறிகுறி இல்லாதவர்களையும் சோதித்தது இந்தக் காரணத்தால்தான். ஆகவே பணியாளரின் பங்கு என்ற கேள்விக்கு, அறிகுறி உள்ளவரை அனுப்புதல் என்று மட்டும் எழுதுவது பாதி விடை. தன் பகுதியில் யார் யாருக்கு ஆபத்து அதிகம் என்ற பட்டியலை அவர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே வண்டி ஒரு நாள் மட்டும் வரும்போது அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் வேலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பணியாளர் என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். மத்திய அரசின் பாடநூல் ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்று சொல்லும். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதிகள் போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் பணியாற்றுகிறார்கள். மற்ற ஊர்களில் இந்த வேலை கிராம சுகாதாரச் செவிலியரிடமும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களிடமும் வந்து சேர்கிறது. ஆயிரம் பேருக்குப் பொறுப்பான ஒருவர் ஆண்டுக்கு இரண்டு புதிய நோயாளிகளைத்தான் எதிர்பார்க்க முடியும். எனவே அவருக்கு இந்த நோயில் பழக்கம் ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். அப்படிப்பட்டவரிடம் நீண்ட பட்டியலைக் கொடுப்பதைவிட, கண்டறிந்த நாளன்று என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் திருத்தமாகக் கற்பிப்பது பயன்தரும்.

கண்டறிந்த நாளைப் பற்றித் தமிழ்நாட்டிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளிகளில் யார் சில வாரங்களுக்குள் இறக்கக்கூடும் என்பதை முதல் நாளே கண்டுகொள்ள ஐந்து எளிய அளவுகளை வைத்தது: உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண், கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. இவற்றுக்கு மருத்துவர் தேவையில்லை. எடைக்கருவியும் அளவுநாடாவும் விரலில் மாட்டும் கருவியும் போதும். குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, மூச்சு 24க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினாலோ, நிற்க முடியாவிட்டாலோ அவரை வீட்டுக்கு மாத்திரையோடு அனுப்பாமல் மருத்துவமனையில் முழுமையாகப் பரிசோதித்துச் சேர்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 36 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்குச் சளியில் காசநோய்க் கிருமி உறுதியாகிறது. குறியீட்டெண் ஏறத்தாழ 15. மூச்சு 22, ஆக்சிஜன் 96, நடந்தே வந்திருக்கிறார். இதுவரை அவர் ஆபத்துக் கோட்டுக்கு வெளியே இருக்கிறார். ஆனால் இரண்டு கால்களிலும் வீக்கம் இருக்கிறது. வீக்கம் இருந்தால் வரம்பு 14 அல்ல, 16. ஆகவே அவர் கடும் நோயாளி. இந்த இரட்டை வரம்பை மாணவர்கள் விதியாக மட்டும் நினைவில் வைக்கிறார்கள், ஆனால் அந்த விதியின் காரணம் எளியது. கடும் ஊட்டக்குறைவால் உடலில் தேங்கிய நீரும் எடைக்கருவியில் எடையாகவே ஏறுகிறது. அந்த நீரைக் கழித்துப் பார்த்தால் அவருடைய உண்மையான குறியீட்டெண் 15க்கும் கீழே இருக்கும். காலை அழுத்திப் பார்க்காத பணியாளருக்கு எடைக்கருவி பொய் சொல்லிவிடும்.

அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை உதவியாளரின் வேலை தொடங்குகிறது. மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரிய கருத்தாக இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு, நெருக்கமான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்து மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததையும், வீட்டிலிருந்தோரின் குடும்பத்தினருக்குத் தொற்று அதனால் கூடவில்லை என்பதையும் காட்டியது. நிபந்தனை ஒன்றுதான்: மருந்து தவறக் கூடாது. இன்றைய சிகிச்சை உதவியாளர் என்ற பொறுப்பு அந்த நிபந்தனையிலிருந்து பிறந்ததே.

மருந்து எதிர்ப்பு இல்லாத நோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரையில் கலந்து, எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில் நாள்தோறும் தரப்படுகின்றன. நம் எடுத்துக்காட்டில் உள்ள பெண் 35 முதல் 49 கிலோ வரையிலான பிரிவில் வருவதால் நாளுக்கு மூன்று மாத்திரைகள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு என்று முதல் நாளே சொல்லாவிட்டால், பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுவார். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, நிறங்கள் வேறாகத் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்த இரண்டு வகைகளையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த உதவியாளரின் நோயாளி பாதியில் நிற்பது குறைவு. இரண்டு மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் சளிப் பரிசோதனை உண்டு.

எடையையும் கவனிக்க வேண்டும். ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஊட்டச்சத்து ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. 36 கிலோவுக்கு அது இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இந்தப் பெண்ணுக்கு மட்டும் கால் வீக்கம் வடியும்போது எடை முதலில் இறங்கும் என்பதால், வீக்கம் வடிந்த பிறகு உள்ள எடையிலிருந்து கணக்கிடுவதே நேர்மை. அதே ஆய்வில், உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்தைத் தொடங்குவதும் பணியாளரின் பொறுப்பே. நாள்தோறும் ஆறு மாதம் எடுக்கும் முறையும் வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வேளை எடுக்கும் முறையும் இருக்கின்றன. நலமாக இருக்கும் ஒருவரை மாத்திரை எடுக்கச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை என்று களத்தில் உள்ளவர்கள் சொல்கிறார்கள், அதில் ஐயப்பட எனக்குக் காரணம் இல்லை.

பணம் பற்றிய கேள்விகளில் ஆண்டைப் பார்த்து விடையெழுத வேண்டும். 2018 ஏப்ரலில் தொடங்கிய நி-க்‌ஷய் ஊட்டச்சத்துத் திட்டம் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பழைய விடைத்தாள்களில் 500 என்றே இருக்கும். இந்தத் தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போவதால், கணக்கு இல்லாதவருக்கும் ஆவணங்களில் பெயர் பொருந்தாதவருக்கும் தாமதமாகிறது. ஊட்டம் அதிகம் தேவைப்படும் முதல் இரண்டு மாதங்களே இந்தத் தாமதத்தில் கழிந்துவிடுவதுண்டு. ஆகவே நோய் உறுதியான அன்றே வங்கி விவரத்தைச் சரிபார்ப்பது எழுத்தர் வேலை அல்ல, சிகிச்சையின் பகுதி.

இவற்றையெல்லாம் ஒரே கேள்வியில் கேட்க முடியும் என்பது என் கருத்து. மேலே சொன்ன மூன்று ஊராட்சிகளின் எண்களையும் கொடுத்து, அடுத்த மாதம் நீங்கள் முதலில் எந்த ஊருக்குப் போவீர்கள், அங்கே முதல் நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். இரண்டாவது ஊருக்கு என்று எழுதி, அங்கே சிகிச்சையில் உள்ள மூன்று நோயாளிகளின் வீட்டாரையும், முன்பு காசநோய் வந்து தேறியவர்களையும், நீரிழிவுக்கு மருந்து வாங்கும் முதியோரையும் பட்டியலிட்டு எக்ஸ்ரேவுக்கும் சளிப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்வேன் என்று சொல்பவருக்கு முழு மதிப்பெண். மூன்றாவது ஊரின் பதிவேட்டில் பரிசோதனைத் தேதிகளைப் பார்த்த பிறகே முடிவு செய்வேன் என்று எழுதுபவருக்கும் நான் முழு மதிப்பெண் தருவேன்.